கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கரப்பானுக்கு ஜெல் வைக்கும் முறை

மகளுக்கு இரவுப் பால் கலக்க எழுந்து அடுப்படி விளக்கைப் போட்டேன். அடுப்புக்கு அடியிலிருந்து ஏழெட்டு சின்னப் பூச்சிகள் சிதறி ஓடி, மேடைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் நுழைந்தன. அவளுக்கு அப்போது 11 மாதம். விடிந்ததும் அதே தரையில்தான் தவழ்வாள், கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைப்பாள். மறுநாளே ஸ்ப்ரே வாங்கி வந்து மூலைமுடுக்கெல்லாம் அடித்தேன். நான்கு நாள் அடுப்படியில் ஒன்றையும் காணோம். ஐந்தாம் நாள் படுக்கையறை அலமாரியில், பால்பவுடர் டப்பாவுக்குப் பின்னால் இரண்டு நின்றன. ஸ்ப்ரே பட்டவை செத்தன, படாதவை வாடைக்குப் பயந்து வேறு அறைக்குக் குடிபோய்விட்டன.

அப்புறம்தான் ஜெல்லுக்கு மாறினேன். முதல் தடவை அதையும் தப்பாகத்தான் வைத்தேன். ஜெல் என்பது பூச்சிக்கு நாம் வைக்கும் சாப்பாடு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பசியோடு இருக்கும் பூச்சி, தன் வீட்டு வாசலிலேயே அதைப் பார்த்துத் தின்ன வேண்டும். தின்றது உடனே சாகாது. இடுக்குக்குத் திரும்பிப் போய் அங்கே சாகும். அதன் எச்சத்தையும் செத்த உடலையும் மற்றவை தின்னும், அவற்றில் சிலவும் சாகும். வெளியே தலைகாட்டாத குஞ்சுகளுக்குக்கூட மருந்து போய்ச் சேர்வது இப்படித்தான். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒரு காரணத்திலிருந்து வருபவை.

முதலில் எந்தப் பூச்சி என்று பாருங்கள்

நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகை. செங்காவி நிறத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு, சில சமயம் பறந்தும் வருவது சாக்கடையிலிருந்தும் குளியலறைக் குழாயிலிருந்தும் ஏறி வருகிறது. எப்போதாவது ஒன்றிரண்டு இது வந்தால், தண்ணீர் போகும் ஓட்டைகளுக்குச் சல்லடை மூடி போட்டு, குழாய் நுழையும் ஓட்டையை வெள்ளை சிமெண்டால் அடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று வெளிர் பழுப்பு, ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். தலைக்குப் பின்னால் முதுகில் இரண்டு கறுப்புக் கோடுகள் அக்கம்பக்கமாக ஓடும். இதைத்தான் ஜெர்மன் கரப்பான் என்கிறார்கள். சாக்கடையில் இதற்கு வேலை இல்லை. நம் அடுப்படிக்குள்ளேயே பிறந்து, வளர்ந்து, பெருகுவது இதுதான். பெண் பூச்சி 30, 40 முட்டைகள் கொண்ட பையை வாலில் ஒட்டியபடி, பொரியும் நேரம் வரும்வரை சுமந்துகொண்டே திரியும். நம் ஊர் வெயிலில் அந்தக் குஞ்சுகள் இரண்டு மாதத்துக்குள் முட்டையிடத் தயாராகிவிடும். ஜெல் நன்றாக வேலை செய்வது இந்தச் சின்னப் பூச்சிக்குத்தான், இனி சொல்வதும் இதைப் பற்றித்தான்.

எங்கே குடியிருக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஜெல் வாங்கப் போகாதீர்கள். இந்தப் பூச்சி தன் இடுக்கை விட்டுப் பெரும்பாலும் சில அடி தூரத்துக்குள்தான் இரை தேடும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் கூட்டத்துக்கு எதிர்ச் சுவரில் வைத்த ஜெல்லால் பயன் இல்லை.

இரவு எல்லோரும் படுத்து ஒரு மணி நேரம் கழித்து, பெரிய விளக்கைப் போடாமல் டார்ச்சோடு போங்கள். எந்தத் திசையில் ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள். பகலில் அந்த இடத்தைச் சோதித்தால் தேயிலைத்தூள் சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அது எச்சம். எச்சம் குவிந்திருக்கும் இடம்தான் அவற்றின் வீடு. அதை இப்போதே தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். கலைத்தால் வேறு இடத்துக்குப் போகும், மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

நான் கூடவே ஒட்டு அட்டையும் வைத்துப் பார்த்தேன். மகள் தூங்கிய பிறகு நான்கு அட்டைகளை நான்கு இடத்தில் வைத்து, அவள் எழுவதற்கு முன் எடுத்துவிடுவேன். முதல் இரவு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் 23, சிங்க்குக்கு அடியில் 9, அடுப்புக்கு அடியில் 6, மேல் அலமாரியில் ஒன்றும் இல்லை. இதைப் பார்த்த பிறகுதான், முதல் தடவை மேல் அலமாரியில் ஜெல்லை வைத்து எவ்வளவு வீணாக்கினேன் என்று புரிந்தது.

பூச்சிக்கு வெப்பமும் ஈரமும் உடலை இரண்டு பக்கமும் அழுத்தும் இடுக்கும் வேண்டும். அதனால் ஃப்ரிட்ஜின் மோட்டார்ப் பகுதி, கதவு ரப்பர் மடிப்பு, மிக்ஸியின் அடிப்பாகம், தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டியின் உள்ளே, கப்போர்டு கதவுக் கீல், கிரானைட் பலகைக்கும் கடப்பாக்கல்லுக்கும் நடுவே உள்ள பிளவு, அலமாரியில் விரித்த பழைய செய்தித்தாளின் அடி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மூன்று இரவு பட்டினி போடுங்கள்

ஜெல் வைக்கும் முன் மற்ற சாப்பாட்டை எல்லாம் எடுத்துவிட வேண்டும். மேடையில் இட்லி மாவு வழிந்து காய்ந்திருந்தால், அது ஜெல்லுக்குப் போட்டியாகிவிடும். வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை. இரவு படுக்கும் முன் கால் மணி நேரம் போதும்.

எச்சில் பாத்திரத்தைச் சிங்க்கில் ஊறப்போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. துலக்க முடியாத நாளில் சோப்புத் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படியாவது வையுங்கள். சிங்க் சல்லடையில் தங்கிய பருக்கையைக் கொட்டிவிடுங்கள். அடுப்பின் பர்னர் தட்டையும் அடுப்புக்கு அடியையும் பாத்திரம் கழுவும் சோப்பால் துடையுங்கள். தாளிக்கும்போது தெறித்த எண்ணெய் அங்கேதான் படிந்திருக்கும். எண்ணெய் பாட்டிலின் அடியையும் துடையுங்கள், பலர் இதை மறப்பார்கள். குப்பைக் கூடை இரவில் வீட்டுக்குள் இருக்க வேண்டாம். குழந்தையின் உயர நாற்காலி இருந்தால் இருக்கைத் துணியைத் தூக்கிப் பாருங்கள், பிஸ்கட் தூள் ஒரு கைப்பிடி கிடைக்கும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியம் தண்ணீர். சாப்பாடு இல்லாமல் ஜெர்மன் கரப்பான் பல வாரம் தாக்குப்பிடிக்கும், தண்ணீர் இல்லாவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரம்தான். கடைசியாகச் சிங்க்கைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்து, அந்தத் துணியைப் பிழிந்து கொடியில் காயப்போடுங்கள். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு இருக்கும், கழற்ற முடிந்தால் அதையும் காலி செய்யுங்கள்.

இந்த நாட்களில் பினாயில், ஸ்ப்ரே, பூச்சி மருந்து கலந்த தரை துடைப்பான் எதையும் பூச்சி இருக்கும் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அந்த வாடை தங்கிய இடத்தில் ஜெல் வைத்தால் பூச்சி கிட்டே வராது. ஏற்கெனவே ஸ்ப்ரே அடித்திருந்தால், நான் செய்தது போல, சோப்புத் தண்ணீரால் இரண்டு தடவை துடைத்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள்.

ஜெல் வைக்கும் நாள்

கடையில் வாங்கும்போது உறையின் பின்பக்கம் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று படியுங்கள். ஃபிப்ரோனில், இமிடாக்ளோப்ரிட், இண்டாக்ஸாகார்ப் என்ற மூன்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். குழந்தை இருக்கும் வீட்டுக்கு, கசப்புப் பொருள் சேர்த்தது என்று உறையில் போட்டிருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கசப்பு நம் நாக்கில் பட்டாலே துப்பச் சொல்லும்.

குழந்தையை வேறு அறையில் ஒருவர் பார்த்துக்கொள்ளும் நேரமாகப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ், மிக்ஸி பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஒரு பொட்டு மிளகு அளவு இருந்தால் போதும். பெரிய உருண்டையாக நாலு இடத்தில் வைப்பதைவிட, மிளகு அளவில் இருபது இடத்தில் வைப்பது நன்றாக வேலை செய்யும். பெரிய உருண்டை மேலே காய்ந்து தோல் கட்டிவிடும், குஞ்சுகளுக்கும் எட்டாது. எங்கள் அடுப்படி எட்டடிக்குப் பத்தடி. ஃப்ரிட்ஜ் பக்கம் 12 பொட்டு, சிங்க்குக்கு அடியில் 8, அடுப்பு மேடையின் அடிப்பிளவில் 6 என்று வைத்தேன். மொத்தம் 3 கிராம்கூட வந்திருக்காது.

வைக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். தவழும் குழந்தையின் விரல் எங்கெல்லாம் போகும் என்று தரையில் உட்கார்ந்து பாருங்கள். நான் அப்படி உட்கார்ந்தபோதுதான், சிங்க் கப்போர்டின் கீழ்க் கீல் அவள் கைக்கு எட்டும் என்று தெரிந்தது. அதை விட்டுவிட்டு மேல் கீலில் வைத்தேன், கப்போர்டுக்குக் குழந்தைப் பூட்டும் போட்டேன். திறந்த தரை, சுவர் ஓரம், மேடையின் மேல்பரப்பு, சாப்பாடோ பாத்திரமோ தொடும் இடம், சூடாகும் பர்னர் ஆகியவற்றில் ஒருபோதும் வேண்டாம். ஜெல் சிரிஞ்சின் மூக்கைப் பிளவுக்குள் நுழைத்து உள்ளே பிதுக்குங்கள், வெளியே தெரியவே கூடாது. பிளவு இல்லாத இடத்தில், காகித டேப்பை விரலகலம் வெட்டி ஒட்டி, அதன் மேல் பொட்டு வையுங்கள். பிறகு டேப்போடு உரித்து எடுத்துவிடலாம், கறையும் இருக்காது. எத்தனை பொட்டு, எங்கெங்கே என்று ஒரு தாளில் எழுதிக் கப்போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வேலைக்கு உதவ வரும் அக்காவிடமும் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுவார்.

மீதி ஜெல் உள்ள சிரிஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. 0.05 சதவீத ஃபிப்ரோனில் ஜெல்லில் ஒரு பொட்டு 0.1 கிராம் என்றால், அதில் மருந்து 0.05 மில்லிகிராம்தான். ஒரு பொட்டை விரலில் தொட்டு நக்கியதால் உயிருக்கு ஆபத்து வரும் அளவு அது இல்லை. 30 கிராம் சிரிஞ்ச் முழுசாக இருந்தால் அதில் அப்படி 300 பொட்டு இருக்கிறது. பார்ப்பதற்கும் அது மருந்து கொடுக்கும் பிளாஸ்டிக் சிரிஞ்ச் மாதிரியே இருக்கும். அதனால் வேலை முடிந்த நிமிடமே மூடி போட்டு, பெரியவர்களுக்கு மட்டும் எட்டும் பூட்டிய அலமாரியில் வையுங்கள். உறையையும் கூடவே வையுங்கள்.

முதல் இரண்டு வாரம்

இரண்டாம் மூன்றாம் நாளில் பகலிலேயே பூச்சிகள் வெளியே வந்து தள்ளாடும், மல்லாந்து காலை ஆட்டும். இதைப் பார்த்துப் பூச்சி கூடிவிட்டது என்று பயந்து ஸ்ப்ரேயை எடுப்பவர்கள் நிறைய. எடுக்காதீர்கள், மருந்து வேலை செய்வதற்கான அடையாளம் இது. ஆனால் குழந்தைக்கு அந்த ஆடும் கால்கள் விளையாட்டுச் சாமானாகத் தெரியும். தினமும் அவள் எழுவதற்கு முன் தரையை ஈரக் காகிதத்தால் துடைத்து, செத்ததை எடுத்து, பைக்குள் கட்டி வெளியே போட்டேன். இடுக்குக்குள் செத்துக் கிடப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், அதை மற்றவை தின்னட்டும்.

பதினான்காம் நாள் மறுபடி ஒட்டு அட்டை வைத்தேன். ஃப்ரிட்ஜ் பக்கம் 5, சிங்க்கில் 1, அடுப்பில் ஒன்றும் இல்லை. அந்த ஐந்தில் நான்கு குஞ்சுகள். முட்டைப்பை சுமக்கும் பெண் அதிகம் வெளியே வராது, அதிகம் தின்னவும் தின்னாது. அதனால் முதல் சுற்றில் தப்பும். அதன் குஞ்சுகள் பொரிந்து வரும்போது புது ஜெல் தயாராக இருக்க வேண்டும். காய்ந்த பொட்டுகளை டேப்போடு எடுத்துவிட்டு, தின்று தீர்த்த இடங்களில் மட்டும் புதிதாக வைத்தேன். நான்காம் வாரம் மூன்றாவது சுற்று, அப்போது ஆறு பொட்டுதான் தேவைப்பட்டது. ஆறாம் வாரம் அட்டைகள் காலியாக இருந்தன.

அட்டை காலியான பிறகுதான் எச்சத்தைக் கழுவ வேண்டும். கரப்பான் எச்சமும் உதிர்ந்த தோலும் தூசியாகி, குழந்தைகளுக்கு மூச்சிரைப்பையும் ஒவ்வாமையையும் கிளப்பும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் அது காற்றில் பறக்கும். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அப்புறம் பிளவுகளை வெள்ளை சிமெண்டால் அடையுங்கள். அடைப்பதை முதலிலேயே செய்தால் ஜெல் வைக்க இடம் இருக்காது.

பூச்சி ஜெல்லைத் தொடவே இல்லை என்றால்

மூன்று நாள் கழித்து டார்ச் அடித்துப் பொட்டுகளைப் பாருங்கள். ஓரம் கடித்திருந்தால் சரி. வைத்தது வைத்தபடி மினுமினுத்தால் இடம் தவறு, அல்லது பக்கத்தில் வேறு சாப்பாடு இருக்கிறது. காய்ந்து கறுத்திருந்தால் சூடான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். இடமும் சுத்தமும் சரியாக இருந்தும் ஜெல்லைச் சுற்றிக்கொண்டு போகிறது என்றால், அந்தக் கூட்டத்துக்கு அந்த ஜெல்லின் ருசி பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இது கற்பனை இல்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து வீடுகளில் ஒரு காலத்தில் நன்றாக வேலை செய்த இரை திடீரென்று பலிக்காமல் போனது. ஜூல்ஸ் சில்வர்மன் என்ற பூச்சியியலாளர் ஆராய்ந்து, அங்கிருந்த பூச்சிகள் இரையில் இருந்த குளுக்கோஸையே வெறுக்கின்றன என்று 1993-ல் எழுதினார். அந்தப் பூச்சிகளின் வாயில் குளுக்கோஸ் கசப்பாகப் பதிகிறது என்று 2013-ல் தெரியவந்தது. குளுக்கோஸை வெறுத்தவை மட்டும் பிழைத்துப் பெருகியிருந்தன. அதனால் இரண்டு சுற்று பலிக்காவிட்டால் அளவைக் கூட்டாதீர்கள். வேறு நிறுவனத்தின், வேறு மருந்து உள்ள ஜெல்லுக்கு மாறுங்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில் இவை வேண்டாம்

பூச்சி சாக்பீஸ் பார்க்கப் பள்ளிக்கூட சாக்பீஸ் மாதிரியே இருக்கிறது, கோட்டைத் தரையில்தான் போடுகிறோம், அது தவழும் குழந்தையின் உள்ளங்கையில் ஒட்டுகிறது. மைதா, சர்க்கரை, போரிக் பவுடர் பிசைந்து உருட்டி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பூச்சிக்கு வேலை செய்யும்தான், ஆனால் அதைக் குழந்தை பேடா என்று நினைத்து வாயில் போட்டால் என்ன செய்வது? கேரம் போர்டில் போடும் பவுடராக வீட்டில் கிடப்பதும் பெரும்பாலும் அதே போரிக்தான், அதையும் எட்டாத இடத்தில் வையுங்கள். பாச்சை உருண்டை மிட்டாய் போல இருப்பதோடு, ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் நாப்தலீன் ரத்த சிவப்பணுக்களையே சிதைக்கும். அந்தக் குறைபாடு இருப்பது பல பெற்றோருக்கு முன்கூட்டித் தெரியாது. சிங்க் ஓட்டையில்கூட அதைப் போடாதீர்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தும் குழந்தை ஜெல்லைத் தொட்டுவிட்டால் சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்கள். வாயில் வைத்துவிட்டால் ஈரத் துணியால் வாயைத் துடைத்து, ஒன்றிரண்டு வாய் தண்ணீர் கொடுங்கள். விரலை விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். ஜெல் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், உறையில் உள்ள மருந்தின் பெயர்தான் அவர் முதலில் கேட்பது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய விஷத் தகவல் மையத்துக்கும் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். குழந்தை சோர்ந்து துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ 108-ஐ அழையுங்கள்.

ஜெல் வேலை முடிந்த பிறகு நான் விடாமல் செய்வது இரண்டு. மாதத்தில் ஒரு இரவு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஓர் அட்டை வைத்துப் பார்க்கிறேன். இன்னொன்று, மளிகை வரும் அட்டைப்பெட்டியையும் முட்டைத் தட்டையும் வாசலிலேயே பிரித்து, பெட்டியை வெளியே போட்டுவிடுகிறேன். போன மாதம் அப்படிப் பிரித்தபோது, அட்டையின் நெளிவுக்குள்ளிருந்து முட்டைப்பையோடு ஒரு பெண் பூச்சி ஓடி வந்தது.